சிமெண்ட் தரைக் கொட்டகையில் குளம்பு வெட்டுதல்: பின்னங்காலின் வெளிக்குளம்பிலிருந்து தொடங்குங்கள்

மாடு நொண்டினால் முதலில் முட்டியையும் இடுப்பையும் தடவிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். கறவை மாட்டின் நொண்டலுக்கான காரணம் பெரும்பாலும் குளம்பில்தான் இருக்கும். அதுவும் முன்னங்காலைவிடப் பின்னங்காலில், உட்பக்கக் குளம்பைவிட வெளிப்பக்கக் குளம்பில். சிமெண்ட் தரையில் நிற்கும் மாடுகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதனால் இந்தக் கட்டுரை அந்த ஒரு குளம்பைச் சுற்றித்தான் போகிறது. அதைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் மற்ற ஏழும் பின்னாலேயே புரிந்துவிடும்.

## கெட்டித் தரை என்ன செய்கிறது?

மாட்டின் ஒவ்வொரு காலிலும் இரண்டு குளம்புகள். உடலின் நடுப்பக்கம் இருப்பது உட்குளம்பு, வெளியே பார்த்து இருப்பது வெளிக்குளம்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு எலும்பு, எலும்புக்குக் கீழே ரத்த ஓட்டமுள்ள சதை, அதற்கும் கீழே நாம் வெட்டும் கொம்புப் பொருள். வெட்டும்போது மாட்டுக்கு வலிக்காதது இந்தக் கொம்புப் பகுதி மட்டும்தான். மேலே உள்ள சதையைத் தொட்டால் ரத்தமும் வரும், வலியும் வரும்.

மண் தரையில் குளம்பு கொஞ்சம் உள்ளே அமிழும். எடை பரவலாக இறங்கும். சிமெண்ட் தரையில் அமிழ இடமில்லை, எந்தப் பகுதி உயரமாக இருக்கிறதோ அதுதான் எடையைத் தாங்கும். மாடு நடக்கும்போது இடுப்பு இடமும் வலமும் அசைகிறது. அந்த அசைவு பின்னங்காலின் வெளிக்குளம்புக்கு அதிகமாக இறங்குகிறது. அடி வாங்கும் சதை எரிச்சலில் கொம்பை வேகமாக உற்பத்தி செய்கிறது. வெளிக்குளம்பு உயர்கிறது. உயர்ந்ததால் இன்னும் அதிக எடையைத் தாங்குகிறது, தாங்கியதால் இன்னும் வளர்கிறது. தரை மாறாதவரை இந்தச் சுற்று தானாக நிற்காது. இடையில் கத்தி வந்து இரண்டு குளம்பையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் அடங்கும்.

ஆகவே குளம்பு வெட்டுவதன் நோக்கம் நீளத்தைக் குறைப்பது மட்டுமல்ல, எடையை இரண்டு குளம்புக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது. நீளத்தை மட்டும் பார்த்து நுனியை நறுக்கிவிட்டு விடுபவர்கள் மாட்டுக்குப் பாதி வேலைதான் செய்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிமெண்ட் தரை குளம்பை வளர்க்கவும் செய்யும், தேய்க்கவும் செய்யும். கட்டியே வைத்திருக்கும் மாடு நடப்பதில்லை, அதனால் நுனி நீண்டு வளையும். அவிழ்த்துவிட்டுத் தினமும் நீண்ட தூரம் நடக்கும் மாட்டுக்கு, அதுவும் புதிதாகப் போட்ட சொரசொரப்பான தரையில், அடிப்பாகம் தேய்ந்து மெலிந்துவிடும். தரை எப்போதும் ஈரமாக இருந்தால் கொம்பு ஊறி மென்மையாகி இன்னும் வேகமாகத் தேயும். இப்படி மெலிந்த குளம்பை வெட்டுவது பெரிய தவறு. கத்தியை எடுக்கும் முன் கட்டைவிரலால் குளம்பின் அடியை அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது உள்வாங்கினால் அந்த மாட்டுக்கு வெட்டு வேண்டாம், மெத்தென்ற தரைதான் வேண்டும்.

## நொண்டுவதற்கு முன்பே தெரியும் அடையாளங்கள்

கண்ணுக்குப் பளிச்சென்று நொண்டும் மாடு ஏற்கெனவே பல வாரங்களாக வலியில் இருந்திருக்கும். அதற்கு முந்தைய கட்டத்தைப் பிடிக்க நல்ல நேரம், பால் கறந்து முடித்து மாடு வெளியே நடக்கும் நேரம். சமமான, வழுக்காத ஒரு இடத்தைத் தேர்ந்துகொண்டு, பக்கவாட்டில் நின்று முதுகைப் பாருங்கள். காலைப் பார்க்க வேண்டாமா என்று கேட்கலாம். பார்க்கலாம், ஆனால் முதலில் முதுகு.

நலமான மாட்டின் முதுகு நிற்கும்போதும் நடக்கும்போதும் நேர்கோடாக இருக்கும். நிற்கும்போது நேராக இருந்து, நடக்கத் தொடங்கியதும் முதுகு லேசாக வளைந்து மேலெழுந்தால், அது முதல் எச்சரிக்கை. நிற்கும்போதே வளைந்திருந்தால் வலி முற்றியிருக்கிறது. அடுத்த கட்டத்தில் எந்தக் கால் என்றே தெரியும்: அந்தக் காலில் நேரம் குறைவாக நிற்கும், அடி குட்டையாக இருக்கும், தலை மேலும் கீழும் ஆடும். கடைசிக் கட்டத்தில் காலை ஊன்றவே மாட்டாது. உலகம் முழுக்கப் பயன்படும் 1 முதல் 5 வரையிலான நடை மதிப்பெண் இந்த வரிசையில்தான் போகிறது. 2ஆம் கட்டத்தில் இருக்கும் மாட்டைப் பிடிப்பதுதான் நம் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, ஒரே ஆள், ஒரே இடத்தில் நின்று பார்த்து எழுதிவைத்தால் மாற்றம் தெரியும். நினைவை நம்பினால் தெரியாது, ஏனென்றால் தினமும் பார்க்கும் மாடு மெல்ல மாறுவது கண்ணில் படாது.

கட்டியே வைத்திருக்கும் மாட்டை நடக்கவிட்டுப் பார்க்க வழியில்லை என்றால், நிற்கும் விதம் பேசும். பின்னால் நின்று பாருங்கள். பின்னங்கால் முட்டிகள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே திரும்பி, குளம்பு நுனிகள் வெளியே பார்த்திருந்தால், மாடு உயரமான வெளிக்குளம்பைத் தப்பிக்கவைத்து உட்குளம்பில் எடையைப் போடுகிறது என்று பொருள். இதைப் 'பிறவி அமைப்பு' என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. சரியாகக் குளம்பு வெட்டியபின் அதே மாடு நேராக நிற்பதைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். சாணக் கால்வாயின் விளிம்பில் நுனியை மட்டும் ஊன்றி, குதிப்பகுதியைக் கால்வாய்ப் பக்கம் தொங்கவிட்டு நிற்கும் மாட்டுக்கு, பெரும்பாலும் குதிக்கு அருகே வலி. ஓயாமல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் மாட்டையும், முன்னங்கால்களைக் குறுக்கே வைத்து நிற்கும் மாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, முன்னங்காலின் உட்குளம்பில் வலி என்பதன் பழகிய அடையாளம்.

சில நிலைகளில் கத்தியை எடுக்கவே கூடாது. ஒரே நாளில் திடீரென்று காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மாடு; குளம்புக்கு மேலே இரண்டு பக்கமும் சமமாகச் சிவந்து வீங்கி, குளம்பிடுக்கில் நாற்றமும் உடம்பில் காய்ச்சலும் உள்ள மாடு; இவை இரண்டும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியவை. ஒரே சமயத்தில் பல மாடுகள் நொண்டி, எச்சில் ஒழுகி, வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் தெரிந்தால், அது கோமாரியாக இருக்கலாம். அப்போது எந்த மாட்டையும் நகர்த்தாமல் உடனே தகவல் சொல்லுங்கள். குதிக்குப் பின்னால், தோல் பகுதியில், செக்கச் சிவந்து ரணமாக ஒரு புண் தெரிந்தால் அது தொற்று. அதற்கு மருந்து வேண்டும், வெட்டு அல்ல.

## வெட்டத் தொடங்கும் முன்

வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பது பொதுவான கணக்கு. ஒன்று, கறவை நிறுத்தும் நேரம், அதாவது ஈனுவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு. இன்னொன்று, ஈன்ற பிறகு இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள். ஈனுவதற்கு நெருக்கமான வாரங்களில் மாட்டைக் கட்டி நெருக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

மாடு அசையாமல் நிற்கும் உறுதியான நிறுத்துக் கூண்டு இல்லாமல் தொடங்க வேண்டாம். ட்ரெவிஸ் என்று சொல்வதும் அதைத்தான். தலையை இழுத்தால் அவிழும் முடிச்சில் கட்டுங்கள், வயிற்றுக்குக் கீழே அகலமான பட்டை, பின்னங்காலைத் தூக்க அகலப் பட்டையோ மெத்தையிட்ட குறுக்குக் கம்பியோ. மெல்லிய கயிறு தோலை அறுக்கும். கூண்டுக்குள் தரை வழுக்கினால் ரப்பர் பாயோ மணலோ போடுங்கள், மூன்று காலில் நிற்கும் மாடு சறுக்கினால் குளம்பு வெட்டப் போய் இடுப்பு முறிந்த கதையாகிவிடும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. கூரான குளம்புக் கத்தி, நீண்ட கைப்பிடியுள்ள குளம்புக் குறடு, அரம், ஒரு சிறிய அளவுகோல், கையுறை. கத்தி எந்தக் கைக்கு என்று பார்த்து வாங்குங்கள், வலக்கைக்கும் இடக்கைக்கும் வளைவு மாறும். சுழலும் மின் அரைப்பானைப் புதியவர்கள் விட்டுவிடுவது நல்லது. அது ஒரு நொடியில் எடுப்பதைத் திரும்ப வைக்க முடியாது, கொம்பு சூடாவதும் தெரியாது. ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்குப் போகும் முன் கருவிகளைக் கழுவிக் கிருமிநாசினியில் முக்குங்கள். முன்பு சொன்ன சிவந்த புண் கத்தி வழியாகவே பரவும்.

காலைத் தூக்கியதும் சாணத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, வெட்டாமல் ஒரு நிமிடம் பாருங்கள். எது உயரம், எது அகலம், நுனி எங்கே வளைகிறது, அடியில் ஏதாவது நிற மாற்றம் உண்டா?

## வெட்டும் வரிசை

டச்சு முறை என்று பெயர் பெற்ற ஐந்து படி வரிசைதான் பல நாடுகளில் அடிப்படையாகக் கற்றுத் தரப்படுகிறது. பின்னங்காலுக்கான வரிசையை இங்கே தருகிறேன்.

முதல் படி: உட்குளம்பு. வளர்ந்து நிற்பது வெளிக்குளம்புதான், ஆனால் தொடங்குவது உட்குளம்பில். காரணம், அதுதான் இயல்புக்கு நெருக்கமானது, அதை வைத்துத்தான் மற்றதை அளக்கப் போகிறோம். குளம்பின் முன்பக்கத்தில், மயிர் முடிந்து கெட்டிக் கொம்பு தொடங்கும் இடத்திலிருந்து நுனிவரை அளவுகோலை வையுங்கள். பழைய பாடம் 75 மி.மீ. என்று சொல்லும். சிறிய மாட்டுக்கும் கிடாரிக்கும் அது பொருந்தும். பெரிய உடல்வாகுள்ள கறவை மாட்டுக்கு அந்த அளவு கொஞ்சம் ஆபத்தானது, 80 மி.மீ.க்குக் குறையாமல், மிகப் பெரிய மாட்டுக்கு 85 வரையிலும் விடுவது பாதுகாப்பு. ஒரு சென்டிமீட்டர் நீளமாக விட்டால் அடுத்த முறை சரிசெய்யலாம். ஒரு சென்டிமீட்டர் குட்டையாக வெட்டினால் மாடு பல வாரம் அவதிப்படும்.

அளந்த இடத்தில் குறடை அடிப்பாகத்துக்குச் செங்குத்தாக வைத்து நுனியை நறுக்குங்கள். இப்போது நுனி மழுங்கலாக, ஒரு சிறு சுவர்போல நிற்கும். அந்தச் சுவரின் உயரம்தான் அடிப்பாகத்தின் தடிமனைக் காட்டுகிறது. இனிக் கத்தியால் அடியை மெல்லிய சீவல்களாக எடுத்துத் தட்டையாக்குங்கள், நுனியில் குறைந்தது 5 முதல் 7 மி.மீ. தடிமன் மிச்சம் இருக்க வேண்டும். எடுப்பது நுனிப் பக்கம் அதிகம், குதிப் பக்கம் மிகக் குறைவு. உட்குளம்பின் குதியைத் தொடவே தொடாதீர்கள் என்று சொன்னால்கூடத் தவறில்லை. பின்னால் வெளிக்குளம்பின் பாரத்தை இறக்கும்போது தாங்கப் போவது அந்தக் குதிதான்.

நிறுத்த வேண்டிய இடத்தைக் குளம்பே சொல்லும். வெள்ளை அல்லது சாம்பல் நிறக் கொம்பு மெல்ல இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கினால் நிறுத்துங்கள். கட்டைவிரலுக்கு இணங்கினால் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். நீளம் முதலிலேயே அந்த உடல்வாகுக்குச் சொன்ன அளவிலோ அதற்கும் கீழேயோ இருந்தால் நுனியையும் அடியையும் வெட்டாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: வெளிக்குளம்பு. இப்போது அளவுகோல் தேவையில்லை. இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, உட்குளம்பின் நீளத்துக்கே வெளிக்குளம்பையும் நறுக்குங்கள். அப்புறம் உயரம். இந்த இடத்தில்தான் நிறைய எடுக்க வேண்டியிருக்கும், குறிப்பாகக் குதிப்பகுதியில். அளவுகோலையோ ஒரு நேரான கட்டையையோ இரண்டு குளம்பின் அடிமேல் குறுக்காக வைத்துப் பாருங்கள். காலின் நீளத்துக்குச் செங்குத்தாக, ஆடாமல் உட்கார்ந்தால் உயரம் சமம். ஒரு பக்கம் தூக்கினால் இன்னும் வேலை இருக்கிறது. காலைத் திருகிப் பிடித்திருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும், ஆகவே காலை இயல்பான கோட்டில் வைத்துப் பாருங்கள்.

வெளிக்குளம்பின் அடி முதலிலேயே மெலிந்திருந்து, உயரத்தைச் சமமாக்க இன்னும் எடுக்க வேண்டும் என்று தோன்றினால், எடுக்காதீர்கள். சமம் என்பது நல்ல குறிக்கோள்தான், ஆனால் சதைக்கு மேல் இருக்கும் கொம்பைவிட அது முக்கியமல்ல.

மூன்றாம் படி: குழித்தல். குளம்பிடுக்கை ஒட்டிய உள்விளிம்பில், நடுவிலிருந்து பின்னோக்கி, அடியை ஆழமில்லாத பள்ளமாகச் சீவுங்கள். அடிப்பாகமும் குதியும் சந்திக்கும் இடத்துக்கு நேர்மேலே குளம்பெலும்பின் பின்முனை உட்கார்ந்திருக்கிறது. சிமெண்ட் தரைக்கும் அந்த எலும்புமுனைக்கும் நடுவே சதை நசுங்கும் இடம் அது, உள்ளங்காலில் கல் குத்தும் செருப்பைக் கழற்ற முடியாமல் நடப்பது போலத்தான். அடிப்புண் என்று சொல்லும் புண் வழக்கமாக வருவதும் அங்கேதான். பள்ளம் செய்தால் அந்த இடம் தரையைத் தொடாது. வெளிக்குளம்பில் பள்ளம் கொஞ்சம் அகலமாக, உட்குளம்பில் குறுகலாக. நுனிப் பகுதியின் சுவரையும் வெளிச்சுவரையும் குழிக்கக் கூடாது, எடையைத் தாங்குபவை அவை. மெலிந்த அடி என்றால் பள்ளத்தையும் சிறிதாக்குங்கள்.

இந்த மூன்று படிகளும் நோயில்லாத மாட்டுக்குப் போதும். நான்காவது, ஐந்தாவது படிகள் ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும். நான்காவது, வலியுள்ள குளம்பை, அதாவது பெரும்பாலும் வெளிக்குளம்பின் குதியை, உட்குளம்பைவிடத் தாழ்த்தி எடை விழாமல் செய்வது. தாழ்த்த இடமில்லை என்றால் நல்ல குளம்பின் அடியில் மரக்கட்டையோ ரப்பர் கட்டையோ ஒட்டி உயர்த்துவது. ஐந்தாவது, தளர்ந்து தொங்கும் கொம்பு மடிப்புகளையும், குதியில் சாணம் தங்கும் வெடிப்புகளையும் சீவி எடுப்பது.

முன்னங்காலில் வரிசை தலைகீழ். அங்கே பெரும்பாலும் உட்குளம்புதான் பெரியது, அதனால் வெளிக்குளம்பில் தொடங்கி அதற்கு உட்குளம்பைச் சமமாக்குங்கள். முன்னங்காலில் குறைவாகவே வெட்ட வேண்டியிருக்கும்.

## அடியில் தெரியும் நிறங்களைப் படிப்பது

முதல் சீவலை எடுத்ததும் தெரியும் நிறம்தான் இந்த வேலையில் நான் மிக மதிக்கும் தகவல். மஞ்சள் படர்ந்த கறை, சிவப்புப் புள்ளி, ஊதா நிறத் திட்டு, எல்லாமே சதையில் கசிந்த ரத்தம் கொம்போடு சேர்ந்து கீழே இறங்கி வந்தவை. கொம்பு மாதத்துக்குச் சுமார் 5 மி.மீ. வளரும். அடி சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமன் என்றால், இன்று கத்திக்குக் கீழே தெரியும் கறை கிட்டத்தட்ட இரண்டு மாதத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறது. இன்றைக்கு என்ன தீனி போட்டோம், நேற்று எங்கே நடந்தது என்று தேடுவதில் பயனில்லை.

கறை வழக்கமான அந்த எலும்புமுனை இடத்தில் இருந்தால், நின்றுகொண்டே இருந்த பாரம் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடிக்கும் சுவருக்கும் இடையே ஓடும் வெள்ளைக்கோட்டில், குறிப்பாக வெளிப்பக்கம், கறையோ கறுப்புப் புள்ளியோ இருந்தால், பக்கவாட்டு இழுப்பைச் சந்தேகியுங்கள்: வழுக்கும் தரை, சடாரென்று திரும்ப வேண்டிய குறுகலான முனை, பின்னாலிருந்து விரட்டுவது. கறுப்புப் புள்ளியைக் கத்தி முனையால் லேசாகத் தொடருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் மறைந்தால் அழுக்கு. மறையாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால், அல்லது சீழ் எட்டிப் பார்த்தால், அத்தோடு மருத்துவரிடமோ அனுபவமுள்ள குளம்பு வெட்டுபவரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

## ஒரு மாட்டை வைத்துப் பார்ப்போம்

இரண்டாம் ஈற்று, பெரிய உடல்வாகு, ஈன்று 65 நாள். பால் குறையவில்லை. கறந்துவிட்டு நடக்கும்போது மட்டும் முதுகு வளைகிறது, அதாவது மதிப்பெண் 2. படுக்கும் இடத்தில் முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்து, பின்னங்காலை வெளியே விட்டு நெடுநேரம் நிற்கிறது என்று கறப்பவர் சொல்கிறார். வலது பின்னங்காலைத் தூக்குகிறோம்.

உட்குளம்பு 88 மி.மீ., வெளிக்குளம்பு 95. குறுக்கே கட்டையை வைத்தால் வெளிக்குளம்பின் குதி தெளிவாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பெரிய மாடு என்பதால் உட்குளம்பை 82க்கு நறுக்குகிறோம். நுனிப் பக்கம் மட்டும் சில சீவல், குதியை விட்டுவிடுகிறோம். வெளிக்குளம்பையும் 82க்குக் கொண்டுவந்து அடியைச் சீவத் தொடங்கினால், மூன்றாவது சீவலில் அடியும் குதியும் சந்திக்கும் இடத்தில், உள்விளிம்புப் பக்கம், ஒரு நாணய அளவில் சிவப்பும் மஞ்சளும் கலந்த கறை. ஓட்டை இல்லை, கட்டைவிரலுக்கு இணங்கவில்லை. குறடால் இரண்டு பக்கமும் மென்மையாக அழுத்தினால் மாடு காலை இழுக்கிறது. உட்குளம்பின் அதே இடத்தில் அதே அளவு அழுத்தினால் இழுக்கவில்லை. இந்த ஒப்பீடு முக்கியம், ஏனென்றால் கூச்ச சுபாவமுள்ள மாடு எங்கே தொட்டாலும் இழுக்கும்.

ஆக, புண்ணாக வெடிப்பதற்கு முந்தைய நிலை. கறையை முழுக்கத் தோண்டி எடுக்கும் ஆசை வரும். வேண்டாம், கறை ஒரு சாட்சி மட்டும்தான், அதை எடுத்தால் வலி போகாது, கொம்புதான் மெலியும். செய்ய வேண்டியது பாரத்தை இறக்குவது. வெளிக்குளம்பில் பள்ளத்தை அகலமாக்கி, குதியைச் சில மில்லிமீட்டர் தாழ்த்துகிறோம். விட்டுவைத்த உட்குளம்பின் குதி இப்போது எடையை வாங்கிக்கொள்கிறது. உட்குளம்பில் போதிய உயரம் இருப்பதால் கட்டை ஒட்டவில்லை. இந்த இடத்தில் ஓட்டை திறந்து சதை தெரிந்திருந்தால் கட்டையும், மருத்துவர் தரும் வலிநிவாரணியும் சேர்த்துத்தான் தேவைப்பட்டிருக்கும். வெளியே தள்ளும் சதையை வெட்டுவதோ இறுக்கிக் கட்டுப்போடுவதோ கூடாது.

அடுத்து இடது பின்னங்கால். நொண்டாத கால் என்று விடக் கூடாது. தூக்கிப் பார்த்தால் அதே இடத்தில், சிறிதாக, வெளிர்ந்த கறை. இரண்டு காலிலும் ஒரே இடத்தில் என்றால் கல் குத்திய விபத்து அல்ல.

இப்போது கணக்கு. ஈன்று 65 நாள், கறை ஏறக்குறைய இரண்டு மாதப் பழசு. ஈன்ற நாட்களை ஒட்டி நடந்தது. ஈனும் சமயத்தில் உடலின் தசைநார்கள் தளர்கின்றன, குளம்பெலும்பைத் தாங்கும் கட்டும் அதோடு தளர்ந்து எலும்பு சற்று இறங்குகிறது. குதிக்குள் எலும்புக்குக் கீழே மெத்தைபோல இருக்கும் கொழுப்பு, மாடு மெலிந்தால் மெலியும். அந்த நாட்களில் கெட்டித் தரையில் நெடுநேரம் நின்ற மாட்டுக்கு இந்தக் கறை வரும். கேட்டுப் பார்த்தால், ஈன்ற முதல் வாரத்தில் பழகாத மாடுகளோடு சேர்த்து விட்டதும், கறவைக்காகக் காத்திருப்பது நீண்டதும், படுக்க விடாமல் மற்ற மாடுகள் விரட்டியதும் தெரியவரலாம். கத்தி திருத்தியது ஒரு மாட்டை. அடுத்து ஈனப்போகும் மாட்டைத் திருத்துவது இந்தப் பதில்.

இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் நடக்கவிட்டு முதுகைப் பாருங்கள். நேராகியிருந்தால் சரி. வளைவு அப்படியே இருந்தாலோ கூடியிருந்தாலோ காலை மறுபடி தூக்கிப் பார்த்து, கட்டை ஒட்ட மருத்துவரை அழைக்க வேண்டும்.

## தரையில் என்ன மாற்றலாம்

தரையை முழுக்க உடைத்துப் போட எல்லோராலும் முடியாது. ஆனால் மாடு எங்கே அதிகம் நிற்கிறதோ அந்த இடங்களை மட்டும் மாற்றினாலே நிறையக் குறையும். தீனித் தொட்டிக்கு முன்னால், கறவைக்குக் காத்திருக்கும் இடத்தில், திரும்பும் முனையில் ரப்பர் பாய் போடுங்கள். படுக்கும் இடம் மெத்தென்று இருக்கிறதா என்று தெரிய ஒரு சோதனை: அந்த இடத்தில் நீங்களே முழங்கால் தடால் என்று படும்படி உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கு வலித்தால் மாடும் படுக்கத் தயங்கும். ஒரு நாளில் 10 முதல் 14 மணி நேரம் படுக்க வேண்டிய விலங்கு அது. படுக்காத ஒவ்வொரு மணியும் குளம்பின் மேல் நிற்கும் மணி.

புதிதாகத் தரை போட்டிருந்தால், மாட்டை விடும் முன் கனமான சிமெண்ட் கட்டையை இழுத்துத் தேய்த்துக் கூர்முனைகளை உடைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். பழைய தரை வழவழப்பாகி வழுக்கினால் கோடு வெட்டலாம், ஆனால் கோட்டின் விளிம்புகள் கூராக நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால் முக்கும் மருந்துத் தொட்டியைப் பற்றிக் கேட்பார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ மயில்துத்தம் என்பது பலரும் பயன்படுத்தும் அளவு. குளம்பிடுக்குத் தொற்றுக்கும் குதியின் சிவந்த புண்ணுக்கும் அது உதவும். மேலே பார்த்த ரத்தக் கறைக்கும் அடிப்புண்ணுக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அவை கிருமியால் வந்தவை அல்ல. தொட்டி நீர் சாணத்தில் கலங்கியதும் மாற்றுங்கள், பயன்படுத்திய நீரை ஓடையிலோ குளத்திலோ விடாதீர்கள், செம்பு அங்கே மீனைக் கொல்லும்.

வெட்டிய ஒவ்வொரு காலுக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்: தேதி, எந்தக் கால், எந்தக் குளம்பு, நுனி நீளம், கறை இருந்தால் எந்த இடத்தில், ஈன்று எத்தனை நாள். சில மாதக் குறிப்புகள் சேர்ந்ததும் கறைகள் ஈன்ற நாட்களைச் சுற்றிக் குவிகின்றனவா, அல்லது வெள்ளைக்கோட்டில் வலது பக்கமே வருகின்றனவா என்று தெரியும். ஒரே பக்கம் என்றால் மாடுகள் தினமும் திரும்பும் முனையைப் போய்ப் பாருங்கள்.